ஆறு படங்கள், ஒரே சட்டகம்: புகைப்பட ஸ்லைடைச் சீராக அமைப்பது எப்படி

ஒரு ஸ்லைடில் ஆறு புகைப்படங்களைப் போட்டதும் முதலில் கைபோவது படத்தின் மூலைக்குத்தான். மூலையைப் பிடித்து இழுத்து எல்லாப் படங்களின் உயரத்தையும் சமமாக்குவோம். உயரம் சமமானதும் அகலம் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். அகலத்தைச் சரிசெய்தால் உயரம் கலையும். பொறுமை போனதும் படத்தின் பக்கவாட்டுப் பிடியைப் பிடித்து அழுத்திவிடுவோம். அத்தோடு படத்தில் இருப்பவர் ஒல்லியாகிவிடுவார், சுவர்க் கடிகாரம் முட்டை வடிவமாகிவிடும்.

இழுத்துச் சரிசெய்ய முடியாததற்குக் காரணம், படங்களின் அளவு வேறுபடுவது அல்ல. அவற்றின் விகிதம் வேறுபடுவதுதான். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவே விகிதம். கைபேசியைப் படுக்கைவாக்கில் பிடித்து எடுத்த படம் பெரும்பாலும் 4:3. அதே கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் 3:4. பெரிய கேமராக்களில் பலவும் 3:2 தருகின்றன. வீடியோவிலிருந்து எடுத்த காட்சி 16:9. பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் அளவை மட்டுமே மாற்றும். விகிதம் அப்படியே இருக்கும். 4:3 படத்தை எவ்வளவு சுருக்கினாலும் அது 3:2 ஆகாது. விகிதத்தை மாற்ற நேர்மையான வழி ஒன்றுதான்: படத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடுவது. அதைத்தான் கிராப் செய்தல் என்கிறோம்.

ஆகவே வேலையின் வரிசை இதுதான். முதலில் விகிதம், பிறகு அளவு, கடைசியில் இடம். பலரும் இடத்தில் தொடங்கி விகிதத்துக்குப் பின்னோக்கி வருகிறார்கள். அதனால்தான் ஒரே வேலையை மூன்று முறை செய்ய நேர்கிறது.

இங்கே பவர்பாயிண்டை வைத்துச் சொல்கிறேன். கூகுள் ஸ்லைட்ஸ் போன்ற மற்ற மென்பொருள்களில் பட்டன்களின் பெயரும் இடமும் மாறும், கணக்கு மாறாது.

எந்த விகிதம்?

ஒரு பயிற்சி முகாமைப் பற்றிய ஸ்லைடு என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆறு படங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குழு, கட்டடத்தின் முகப்பு: இவை இரண்டும் கைபேசியில் படுக்கைவாக்கில் எடுத்தவை, 4:3. நின்று பேசும் ஆசிரியர், சான்றிதழைப் பிடித்து நிற்கும் பெண்: இரண்டும் நிமிர்த்தி எடுத்தவை, 3:4. வேலை செய்யும் கைகளின் நெருக்கக் காட்சி கேமராவில் எடுத்தது, 3:2. நிறைந்த அரங்கம் வீடியோவிலிருந்து எடுத்தது, 16:9.

ஆறையும் எந்த விகிதத்துக்குக் கொண்டுவருவது? ஸ்லைடு அகலமானது என்பதால் 4:3 சட்டகம் பொருத்தம் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே 4:3 ஆக இருக்கும் இரண்டு படங்களில் எதுவும் போகாது. 3:2 படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போகும், யாரும் கவனிக்கப்போவதில்லை. 16:9 படத்தில் கால் பங்கு போகும், தாங்கும். ஆனால் நிமிர்த்தி எடுத்த இரண்டு படங்களிலும் உயரத்தில் பதினாறில் ஏழு பங்கு, அதாவது கிட்டத்தட்ட பாதி போய்விடும். அந்த இரண்டில்தான் மனிதர்கள் தலை முதல் இடுப்புக்குக் கீழ் வரை நிற்கிறார்கள்.

சான்றிதழ் பிடித்திருக்கும் பெண்ணின் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். படம் 3000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். தலையின் உச்சி மேலிருந்து 500ஆவது பிக்சலில் இருக்கிறது. இடுப்பருகே பிடித்திருக்கும் சான்றிதழின் கீழ்விளிம்பு 3100இல் முடிகிறது. ஆக, படத்தில் அவசியமாகத் தெரியவேண்டிய பகுதி 2600 பிக்சல் உயரம். 4:3 சட்டகத்தில், 3000 அகலத்துக்குக் கிடைப்பது 2250 உயரம்தான். முகத்தை வைத்தால் சான்றிதழின் அடி போகும். சான்றிதழை முழுதாக வைத்தால் நெற்றி போகும். எப்படி நகர்த்தினாலும் இரண்டும் சேர்ந்து அடங்காது.

அதே படத்தைச் சதுரமாக வெட்டினால் 3000க்கு 3000 கிடைக்கிறது. முகமும் சான்றிதழும் அடங்கி, 400 பிக்சல் மிச்சமும் இருக்கிறது. தலைக்கு மேல் கொஞ்சம் காற்று விடலாம்.

மற்ற ஐந்து படங்களுக்கும் சதுரம் என்ன செய்கிறது? 4:3 படங்கள் இரண்டும் கால் பங்கு அகலத்தை இழக்கின்றன. ஆசிரியர் படமும் உயரத்தில் கால் பங்கை இழக்கிறது. 3:2 படம் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. அரங்கப் படம்தான் அதிகம் இழக்கிறது, பதினாறில் ஏழு. ஆனால் அங்கே போவது அரங்கத்தின் ஓரச் சுவர்களும் சில நாற்காலிகளும். ஆக இரண்டு தேர்விலும் அதிகபட்ச இழப்பு ஒன்றேதான். யார் அதைத் தாங்குகிறார் என்பதுதான் வேறுபாடு. ஆறு படங்களையும் பார்த்து, வெட்டுக்குக் கொஞ்சமும் இடம் தராத படம் எது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற விகிதத்தை எல்லாவற்றுக்கும் கொடுப்பதுதான் என் வழக்கம். படுக்கைவாக்குப் படங்களும் நிமிர்ந்த படங்களும் கலந்து வந்தால் விடை பெரும்பாலும் சதுரம்தான். எல்லாமே படுக்கைவாக்கு என்றால் சதுரத்துக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. 4:3 அல்லது 3:2 போதும், அழகும் கூட.

வெட்டும் வேலை

சதுரம் என்று முடிவாகிவிட்டது. இப்போது ஒரு படத்தைச் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள். மேலே `Picture Format` என்ற தாவல் தோன்றும். அதில் `Crop` பட்டனின் படத்தைத் தொடாமல், அதன் கீழுள்ள சிறு அம்பைச் சொடுக்குங்கள். விரியும் பட்டியலில் `Aspect Ratio`, அதற்குள் `1:1`. உடனே படத்தின் நடுவில் ஒரு சதுரம் விழும். அதற்கு வெளியே உள்ள பகுதி மங்கலாகத் தெரியும்.

இந்த நிலையில் திரையில் இரண்டு வகைப் பிடிகள் இருக்கும். இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தொல்லை. தடித்த கறுப்புக் கோடுகள் சட்டகத்துக்கு உரியவை. வெள்ளை வட்டங்கள் உள்ளே இருக்கும் முழுப் படத்துக்கு உரியவை. கறுப்புக் கோட்டை இழுத்தால் இப்போதுதான் அமைத்த 1:1 கெட்டுவிடும். எனவே அவற்றைத் தொடவேண்டாம். படத்தின் நடுவில் பிடித்து இழுங்கள். சட்டகம் நிற்க, படம் மட்டும் அதற்கடியில் நகரும். உள்ளே இருப்பவரைப் பெரிதாக்க வேண்டுமா? மூலையிலுள்ள வெள்ளை வட்டத்தை வெளிப்பக்கமாக இழுங்கள். பக்கவாட்டில் இருக்கும் வெள்ளை வட்டங்களை இழுத்தால் படம் நசுங்கும். வேலை முடிந்ததும் `Esc` விசையை அழுத்தினால் போதும்.

மென்பொருள் சதுரத்தை எப்போதும் நடுவில்தான் போடும். அதற்குப் படத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது. ஆசிரியரின் படத்தில் இதன் விளைவைப் பார்க்கலாம். 4000 உயரத்திலிருந்து 3000 எடுக்கும்போது மேலே 500, கீழே 500 என்று சமமாக வெட்டுகிறது. ஆசிரியரின் தலை 300ஆவது பிக்சலில் தொடங்குகிறது என்றால், முடியும் நெற்றியின் மேற்பகுதியும் போய்விட்டன. படத்தைக் கீழ்நோக்கி இழுத்தால் தலை திரும்பிவரும், கால்கள் மறையும். முழங்காலுக்குக் கீழ் தெரியாமல் போனால் எதுவும் குறைந்துவிடாது. ஆனால் வெட்டு சரியாக மூட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: முழங்காலிலோ மணிக்கட்டிலோ கணுக்காலிலோ விளிம்பு நின்றால் உறுப்பு துண்டானதுபோல் கண்ணை உறுத்தும். தொடையின் நடுவிலோ மார்புக்குக் கீழோ விழுந்தால் அது இயல்பாகத் தோன்றும்.

அரங்கப் படத்திலும் நடுப்பகுதி பயன்படவில்லை என்று வையுங்கள்; மேடை வலப்புறம் இருக்கிறது. 1920க்கு 1080 அளவுள்ள படத்தில் 1080 அகலம்தான் மிஞ்சும். மேடையும் முன்வரிசை ஆட்களும் சட்டகத்துக்குள் வரும்வரை படத்தை இடப்புறமாக நகர்த்துங்கள். மொத்த அரங்கத்தையும் காட்டும் ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும். ஏழு சென்டிமீட்டர் சதுரத்தில் இருநூறு தலைகள் மணல்போலத்தான் தெரியும். மேடையும் முன்னிருக்கும் சிலரும் இருந்தாலே பார்ப்பவருக்கு அரங்கம் நிறைந்திருந்தது புரிந்துவிடும்.

ஆறையும் இப்படி ஒவ்வொன்றாகச் செய்தபின்தான் அளவுக்கு வரவேண்டும். ஆறையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, `Picture Format` தாவலின் வலக்கோடியில் உள்ள `Height` பெட்டியில் `7 cm` என்று தட்டச்சு செய்யுங்கள். உங்கள் கணினி அங்குலத்தில் காட்டினாலும் `cm` என்று சேர்த்து அடித்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். விகிதம் பூட்டப்பட்டிருப்பதால் அகலமும் தானாக 7 ஆகும். ஏதாவது ஒரு படம் மட்டும் வேறு அகலம் காட்டினால், அதைச் சதுரமாக வெட்ட மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்தப் பெட்டியில் 7 என்று திணித்துச் சரிசெய்ய முயலாதீர்கள். உயரம் மாறிவிடும், அல்லது படம் நசுங்கும். திரும்பிப் போய் 1:1 கொடுங்கள்.

இடம் பிடிப்பது

பவர்பாயிண்டின் அகல ஸ்லைடு 33.87 செ.மீ. அகலமும் 19.05 செ.மீ. உயரமும் கொண்டது. ஒரு வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை; படங்களுக்கிடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி. மூன்று படங்கள் 21, இரண்டு இடைவெளிகள் 1, மொத்தம் 22 செ.மீ. மீதமுள்ள 11.87ஐ இரண்டாகப் பகிர்ந்தால் இடப்பக்க ஓரம் 5.93. மேலே தலைப்புக்கு 3.5 விடலாம். அப்படியானால் இடமிருந்து படங்கள் தொடங்கும் புள்ளிகள் 5.93, 13.43, 20.93. மேலிருந்து 3.5, 11. இரண்டாம் வரிசை 18இல் முடியும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும்.

இந்த எண்களை நேரடியாகவே கொடுத்துவிடலாம். படத்தை வலச்சொடுக்கி `Size and Position` திறந்தால் `Horizontal position`, `Vertical position` என்ற பெட்டிகள் இருக்கும். எண்ணில் விருப்பமில்லாதவர்கள் `Align` பட்டியலைப் பயன்படுத்தலாம்: வரிசையிலுள்ள மூன்றையும் தேர்ந்தெடுத்து `Align Top`, பிறகு `Distribute Horizontally`. இதில் ஒரு பொறி உண்டு. அந்தப் பட்டியலின் அடியில் `Align to Slide` தேர்வாகி இருந்தால், மூன்று படங்களும் ஸ்லைடின் விளிம்புவரை ஓடிப் பரவிவிடும். `Align Selected Objects` தேர்வாகி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இடைவெளி மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். பக்கவாட்டில் அரை சென்டிமீட்டரும் வரிசைகளுக்கிடையே முக்கால் சென்டிமீட்டரும் இருந்தால், பார்ப்பவருக்கு என்ன தவறென்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று படும்.

வெட்டவே முடியாத படம்

பங்கேற்ற பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கும் குழுப்படம் ஒன்று கடைசி நேரத்தில் வந்து சேர்கிறது. சதுரமாக்கினால் இருபுறமும் சில பேர் போய்விடுவார்கள். தன் முகம் வெட்டுப்பட்டவருக்குச் சீரான ஸ்லைடு என்று விளக்கம் சொல்ல முடியாது. மேலும் கீழும் வெற்றுப் பட்டை விட்டுப் படத்தைச் சதுரத்துக்குள் அடக்கலாம். `Crop` பட்டியலில் உள்ள `Fit` அதைத்தான் செய்கிறது. ஆனால் மற்ற ஐந்தும் நிறைந்து நிற்க, இது மட்டும் நடுவில் மெல்லிய பட்டையாகத் தொங்கும். முகங்களும் அடையாளம் தெரியாமல் சிறுத்துவிடும்.

இதைவிட நல்ல வழி, அந்தப் படத்துக்கு இரண்டு கட்டங்களின் இடத்தைக் கொடுப்பது. அகலம் 14 இல்லை, 14.5; நடுவில் இருந்த அரை சென்டிமீட்டர் இடைவெளியையும் அது விழுங்குகிறதல்லவா? இதை மறந்து 14 கொடுத்தால் வலப்புற விளிம்பு மேல்வரிசையோடு ஒட்டாது. 14.5க்கு 7 என்ற சட்டகம் ஏறத்தாழ 2:1. `Aspect Ratio` பட்டியலில் இந்த விகிதம் கிடையாது. `Format Picture` பலகத்தில் `Crop` என்ற பிரிவைத் திறந்தால் `Crop position` என்ற தலைப்பில் `Width`, `Height` பெட்டிகள் இருக்கின்றன. முதலில் படத்தின் அகலத்தை 14.5 ஆக்கிக்கொண்டு, பிறகு இந்தப் பெட்டியில் உயரத்தை மட்டும் 7 என்று குறைத்தால் வானமும் தரையும் போகும், ஆட்கள் அனைவரும் நிற்பார்கள். மிஞ்சுவது நான்கு கட்டங்கள்தான் என்பதால் மற்ற ஆறு படங்களில் இரண்டைக் கழிக்க வேண்டியிருக்கும். கட்டட முகப்பையும் அரங்கத்தையும் தாராளமாகக் கழிக்கலாம் என்பேன். இரண்டும் சொல்வதைக் குழுப்படமே சொல்லிவிடுகிறது.

வட்டமும் வளைந்த மூலையும்

சட்டகம் சதுரமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆசிரியர் குழுவை அறிமுகப்படுத்தும் ஸ்லைடில் முகங்களை வட்டத்துக்குள் வைப்பது வழக்கமாகிவிட்டது. `Crop` பட்டியலில் `Crop to Shape` என்பதில் `Oval` தேர்ந்தெடுத்தால் படம் வட்டமாகும் என்று எதிர்பார்ப்போம், கிடைப்பது நீள்வட்டம். அந்த வடிவம் சட்டகத்தின் விகிதத்தையே பின்பற்றுகிறது. 3:4 சட்டகத்துக்குள் அது நிமிர்ந்த முட்டைதான். முதலில் `1:1`, பிறகு `Oval` என்று போனால் நல்ல வட்டம் கிடைக்கும்.

வட்டம் நான்கு மூலைகளையும் சேர்த்துச் சதுரத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறது. சதுரத்தில் சரியாக இருந்த முகம் வட்டத்தில் மேல்முடியையும் தோளையும் இழந்து நிற்கும். எனவே வட்டத்துக்கென்றால் முகத்தைச் சற்றுச் சிறிதாகவே வைக்கவேண்டும்.

வட்டங்கள் எல்லாம் ஒரே அளவாக வரிசையில் நின்றும் ஸ்லைடு சீராகத் தோன்றாமல் போவதை நிறையப் பார்க்கலாம். ஒருவரின் முகம் வட்டத்தை அடைத்து நிற்கும். பக்கத்தில் இருப்பவர் பத்தடி தூரத்தில் நிற்பதுபோல் இருப்பார். நம் கண் சட்டகத்தை அளப்பதில்லை, முகத்தைத்தான் அளக்கிறது. இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. வரிசை முழுவதும் ஓடும் மூன்று மெல்லிய கோடுகளை வரையுங்கள். வட்டத்தின் உயரத்தைப் பத்தாகப் பிரித்தால், மேலிருந்து இரண்டாம் பங்கு முடியுமிடத்தில் ஒரு கோடு. ஏழாம் பங்கு முடியுமிடத்தில் ஒரு கோடு. இவை இரண்டுக்கும் நட்ட நடுவில் ஒன்று. உச்சந்தலை முதல் கோட்டிலும் முகவாய் கடைசிக் கோட்டிலும் வரும்படி, ஒவ்வொரு படத்தையும் கிராப் நிலையில் பெரிதாக்கியோ சுருக்கியோ வையுங்கள். அப்போது கண்கள் தாமாகவே நடுக்கோட்டை ஒட்டி வந்து நிற்கும். நடுக்கோட்டின் பயன் அடர்ந்த கொண்டை, தொப்பி, தலைப்பாகை இருப்பவர்களிடம்தான் தெரியும். உச்சி எதுவென்று தெரியாத அந்த இடங்களில் கண்ணையும் முகவாயையும் மட்டும் கோட்டில் நிறுத்துங்கள். மேலே இருப்பது எங்கு முடிகிறதோ முடியட்டும். எல்லாம் முடிந்ததும் கோடுகளை அழித்துவிடலாம்.

ஒரே ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று எடுத்த படத்தைத் தந்திருந்தால், அவருடைய முகத்தை மற்றவர்கள் அளவுக்குப் பெரிதாக்க வேண்டிவரும். அங்கே பிக்சல் கணக்கு குறுக்கே வரும். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் ஸ்லைடை முழுதாகக் காட்டும்போது, 7 செ.மீ. என்பது ஏறத்தாழ 400 பிக்சல். அதாவது சட்டகத்துக்குள் தெரியும் பகுதி குறைந்தது 400க்கு 400 பிக்சலாவது இருக்கவேண்டும். 4கே திரையென்றால் 800. குழுப்படத்திலிருந்து பிரித்தெடுத்த 150 பிக்சல் முகத்தை அதில் வைத்தால், நம் மேசைக் கணினியில் ஓரளவு தெளிவாகத் தெரிவது பெரிய திரையில் மங்கிவிடும். இதற்கு மருந்து கிடையாது. அவரிடம் வேறு படம் கேட்பதே வழி. அது கிடைக்காவிட்டால் எல்லா வட்டங்களையும் சிறிதாக்கலாம். பாதியளவு வட்டத்துக்குப் பாதி பிக்சல் போதும்.

வளைந்த மூலையுள்ள செவ்வகமும் பலருக்குப் பிடிக்கும். அதில் மூலையின் வளைவு சட்டகத்தின் குறுகிய பக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. மாற்றாமல் விட்டால் அந்தப் பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு. 7 செ.மீ. சதுரத்துக்கு அது 1.17 செ.மீ. குழுப்படத்தின் 14.5க்கு 7 சட்டகத்திலும் குறுகிய பக்கம் 7தான் என்பதால் அதே வளைவு வந்து ஒத்துப்போகும். ஆனால் அதே ஸ்லைடில் 4 செ.மீ. உயரத்தில் ஒரு சிறு படத்தையும் வைத்தால், அதன் மூலைகள் மட்டும் கூர்மையாகத் தோன்றும். ஒரு படத்தின் மஞ்சள் புள்ளியை இழுத்து வளைவைக் குறைத்தால் மற்றவற்றில் அது குறையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஆறையும் சமமாக்குவது நடக்காத காரியம். வளைவு பிடிக்கவில்லையென்றால் நேர்மூலைக்கே போய்விடுவது நல்லது.

விளிம்புக்கோட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. வெள்ளை ஸ்லைடில், வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்த படம் இருந்தால் அதன் சதுரமே கண்ணுக்குத் தெரியாது. ஐந்து சட்டகங்களும் நடுவே ஓர் ஓட்டையும்போல் இருக்கும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் கோடு போட்டால் அது தனித்துத் தெரியும். ஆறுக்கும் `Picture Border` வழியாக மெல்லிய சாம்பல்நிறக் கோடு கொடுங்கள்; முக்கால் பாயிண்ட் தடிமன் போதும்.

மாதாமாதம் செய்பவர்களுக்கு

இதே அமைப்பை அடிக்கடி பயன்படுத்துபவர், சட்டகத்தைப் படத்தில் அல்லாமல் ஸ்லைடின் அச்சிலேயே அமைத்துவிடலாம். `View` தாவலில் `Slide Master` திறந்து, `Insert Layout` கொடுத்து, `Insert Placeholder` பட்டியலில் `Picture` தேர்ந்தெடுத்து ஒரு கட்டம் வரையுங்கள். அதன் அளவை 7க்கு 7 ஆக்கி, ஐந்து நகல் எடுத்து, மேலே கணக்கிட்ட இடங்களில் வைத்துவிட்டு மூடுங்கள். வட்டம் வேண்டுமென்றால் அங்கேயே வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். இனி அந்த அச்சில் புதிய ஸ்லைடு திறந்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலுமுள்ள சின்னத்தைச் சொடுக்கிப் படத்தைச் சேர்த்தால், எந்த விகிதத்தில் வந்தாலும் அது சட்டகத்தை நிரப்பி, மிச்சத்தைத் தானே மறைத்துக்கொள்ளும். நடுவில் வெட்டும் பழைய குணம் மட்டும் இங்கேயும் போகாது. தலை போயிருக்கிறதா என்று பார்த்து, `Crop` சொடுக்கிப் படத்தை நகர்த்தும் வேலை மிச்சமிருக்கும்.

அனுப்புவதற்கு முன்

கிராப் செய்த பகுதி அழிவதில்லை, மறைந்துதான் இருக்கிறது. கோப்பைப் பெறுகிறவர் எவரும் படத்தைச் சொடுக்கி `Crop` அழுத்தினால் முழுப் படமும் வெளியே வந்துவிடும். ஓரத்தில் நின்ற குழந்தை, மேசைமேல் கிடந்த கையொப்பமிட்ட தாள், கணினித் திரையில் திறந்திருந்த மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்கும். மறைக்கவேண்டும் என்றே வெட்டிய படம் ஏதாவது இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்து `Compress Pictures` திறந்து, `Delete cropped areas of pictures` என்ற கட்டத்தில் குறியிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். கோப்பின் எடையும் குறையும். ஆனால் சேமித்து மூடியபின் வெட்டை நகர்த்த முடியாது. சட்டகத்துக்கு வெளியே இனி எதுவும் இருக்காது. அதனால் வேலை செய்யும் பிரதியை உங்களிடமே வைத்துக்கொண்டு, வேறொரு பெயரில் சேமித்த பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள். குழுப்படத்தில் இன்னும் ஒருவரைச் சேர்த்துக் காட்டச் சொல்லி நாளைக்கு யாராவது கேட்டால் முதல் பிரதி தேவைப்படும்.